மீட்டரில் 1.49, வேலையில் பூஜ்யம்

அம்மாவுக்குத் தினமும் காலையில் பி.பி. பார்க்க வேண்டும். கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் உள்ளே சின்ன பம்ப் ஓடிக் காற்றடிக்கும், பிறகு எண்கள் வரும். ஒரு நாள் காலையில் பம்ப் இரண்டு விநாடி முனகியது, திரை அணைந்துவிட்டது. மறுபடி அழுத்தினால் திரை எரிகிறது. பம்ப் ஓடத் தொடங்கியதும் மறுபடி அணைகிறது.

பேட்டரிதான் என்று நினைத்து நான்கு ஏஏ கட்டைகளையும் வெளியே எடுத்தேன். வீட்டில் மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்று இருக்கிறது, தெருமுனை எலக்ட்ரிக்கல் கடையில் தொங்குமே அந்த ரகம். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். முதல் கட்டை 1.45 வோல்ட், இரண்டாவது 1.46, மூன்றாவது 1.44, நான்காவது 1.49. கூட்டினால் 5.84. கருவிக்கு வேண்டியது 6 வோல்ட். நான்கும் நன்றாகத்தானே இருக்கின்றன, அப்படியானால் கருவிதான் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். புதியது வாங்கலாம் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன்.

எங்கள் தெருவில் முப்பது வருடமாக ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவர் இருக்கிறார். கருவியைத் திறந்து பார்க்க முடியுமா என்று அவரிடம் கேட்கப் போனேன். நான் எண்களைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் கேட்டது ஒரே கேள்வி.

“லோடு கொடுத்துப் பாத்தீங்களா தம்பி?”

இல்லை என்றேன்.

“சும்மா வச்சுப் பாத்தா எல்லாக் கட்டையும் நல்ல கட்டைதான்” என்று சொல்லி, மேசை டப்பாவிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்துக் கையில் கொடுத்தார். பழுப்பு, கறுப்பு, கறுப்பு, கடைசியில் தங்க நிறக் கோடு. 10 ஓம்.

அவர் சொன்னது ஏன் சரி என்று புரிய, மீட்டர் வோல்டேஜை எப்படி அளக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளைக் கட்டையின் இரு பக்கமும் வைக்கும்போது, மீட்டருக்குள் ஓடும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அளக்கப் போன கருவியே மின்சாரத்தை இழுத்தால் அளவு கெட்டுவிடும் அல்லவா? அதனால் மலிவான மீட்டரில்கூட முனைகளுக்கு இடையே சுமார் 10 லட்சம் ஓம் மின்தடை இருக்கும். நல்ல மீட்டரில் 1 கோடி ஓம். மலிவான மீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஒன்றரை வோல்ட் கட்டையிலிருந்து அது இழுப்பது ஒரு ஆம்பியரில் பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்கு. பி.பி. கருவியின் பம்ப் ஓடும்போது கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். மீட்டர் கேட்டதைப் போல ஒன்றரை லட்சம் மடங்குக்கும் மேல் அது. மீட்டருக்குப் பதில் சொன்ன கட்டை பம்புக்கும் அதே பதிலைச் சொல்லும் என்று எதிர்பார்க்க ஒரு நியாயமும் இல்லை.

மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி நிரம்பியிருக்கிறது. ஆனால் கீழே வரும் இரும்புக் குழாய் பழையது, உப்புத் தண்ணீர் ஓடி ஓடி உள்ளே காறை படிந்து சுண்டு விரல் நுழையும் அளவுக்குக் குறுகிவிட்டது. குளியலறைக் குழாயை மூடி வைத்துக்கொண்டு அங்கே அழுத்தத்தை அளந்தால் முழு அழுத்தம் காட்டும். தண்ணீர் ஓடாதபோது அடைப்பு தெரியாது, தொட்டியின் உயரம் மட்டும்தான் தெரியும். குழாயைத் திறந்த பிறகுதான் நூல் மாதிரி ஒழுகுவதைப் பார்ப்போம். அந்த நேரத்தில் அழுத்தத்தை அளந்தால் அதுவும் விழுந்திருக்கும்.

கட்டைக்குள்ளும் இப்படி ஒரு அடைப்பு உண்டு. பிளஸ் டூ இயற்பியலில் அகமின்தடை என்று படித்தோமே, அதுதான். வேதிவினை தருகிற வோல்டேஜ் தொட்டியின் உயரம் மாதிரி. அகமின்தடை காறை படிந்த குழாய் மாதிரி. வெளியே எவ்வளவு மின்சாரம் ஓடுகிறதோ அவ்வளவும் இந்தத் தடையைத் தாண்டித்தான் வர வேண்டும், தாண்டும்போது வோல்டேஜில் ஒரு பங்கு உள்ளேயே வெப்பமாகிப் போகிறது. மீட்டர் மட்டும் தொட்டால் ஓட்டம் இல்லை, இழப்பும் இல்லை. சும்மா வைத்துப் பார்க்கும்போது நாம் அளப்பது தொட்டியின் உயரத்தை மட்டும்தான்.

இனி அந்த 10 ஓம் ரெசிஸ்டர். வீட்டுக்கு வந்து செய்ததை அப்படியே சொல்கிறேன். நீங்களும் செய்து பார்க்கலாம், ரெசிஸ்டர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

மீட்டரில் கறுப்பு வயரை ‘காம்’ என்று எழுதிய துளையிலும், சிவப்பு வயரை வோல்ட் குறி போட்ட துளையிலும் செருகவும். திருகியை டி.சி. வோல்ட் பகுதியில் 20-க்குத் திருப்பவும். சிவப்பு முனை கட்டையின் மொட்டு உள்ள பக்கம், கறுப்பு தட்டையான பக்கம். முதலில் சும்மா ஒரு அளவு எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசிஸ்டரின் இரண்டு கால்களையும் கட்டையின் இரண்டு முனைகளிலும் படும்படி அழுத்திப் பிடித்து, அப்படிப் பிடித்திருக்கும்போதே மீட்டர் முனைகளையும் வைத்துப் பத்து விநாடி கழித்து எண்ணைப் படியுங்கள். விரல்களால் இத்தனையும் பிடிப்பது முதல் தடவை சிரமம். ஒற்றைக் கட்டை போடும் பிளாஸ்டிக் பெட்டி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் விற்கிறது. அதன் இரண்டு வயர்களுக்கு நடுவே ரெசிஸ்டரை முறுக்கி விட்டால் இரண்டு கையும் மீட்டருக்குக் கிடைக்கும்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. மீட்டர் முனைகள் கட்டையின் உலோகத்தையே தொட வேண்டும், ரெசிஸ்டரின் காலை அல்ல. காலுக்கும் கட்டைக்கும் நடுவே அழுக்கோ தளர்ச்சியோ இருந்தால் அங்கேயும் கொஞ்சம் வோல்டேஜ் போகும், நல்ல கட்டையைக் கெட்டது என்று எண்ணிவிடுவோம். எண் தாவித் தாவி வந்தால் கட்டையைக் குறை சொல்லாதீர்கள், பிடி சரியில்லை என்று பொருள்.

10 ஓம் வைத்தால் புதுக் கட்டையிலிருந்து சுமார் 150 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டர் லேசாகச் சுடும். கால் வாட் ரகம் இதைத் தாங்கும், அதற்காக நிமிடக்கணக்கில் பிடித்திருக்க வேண்டாம். கட்டையும் அநாவசியமாகத் தீரும்.

என் நான்கு கட்டைகளுக்கு வருவோம். முதலாவது 1.45-லிருந்து 1.37-க்கு இறங்கி நின்றது. இரண்டாவது 1.38. மூன்றாவது 1.36. நான்காவது கட்டையில் ரெசிஸ்டரை வைத்ததும் எண் சரசரவென்று இறங்கி 0.85-இல் வந்து நின்றது. சும்மா பார்த்தபோது நான்கிலும் அதிகமாக 1.49 காட்டிய கட்டை அது.

இந்த இரண்டு எண்களிலிருந்தே அகமின்தடையைக் கணக்கிட்டுவிடலாம். 10 ஓமில் 0.85 வோல்ட் என்றால் ஓடிய மின்சாரம் 85 மில்லி ஆம்பியர். உள்ளே காணாமல் போனது 1.49 கழித்தல் 0.85, அதாவது 0.64 வோல்ட். 0.64-ஐ 0.085-ஆல் வகுத்தால் சுமார் 7.5 ஓம். இதே கணக்கை முதல் கட்டைக்குப் போட்டால் 0.6 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. புது ஆல்கலைன் ஏஏ கட்டையில் இது கால் ஓம் அளவில்தான் இருக்கும். ஆக முதல் மூன்றும் கொஞ்சம் உழைத்தவை, ஆனால் பிழைத்திருப்பவை. நான்காவதில் குழாய் அடைபட்டுவிட்டது.

பம்ப் கால் ஆம்பியர் கேட்டால் நல்ல கட்டை ஒவ்வொன்றும் உள்ளே 0.15 வோல்ட் இழந்து 1.3 வோல்ட் தரும். நான்காவது கட்டைக்குள் போகும் இழப்போ, 7.5 பெருக்கல் 0.25, ஏறக்குறைய 1.9 வோல்ட். அதனிடம் மொத்தம் இருப்பதே 1.49. அப்புறம் எப்படி?

இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். கட்டைகளைப் பழையபடி கருவியில் போட்டு, அடி மூடியைத் திறந்தபடியே, நான்காவது கட்டையின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்துக்கொண்டு அம்மாவைப் பொத்தானை அழுத்தச் சொன்னேன். 1.4 சொச்சத்தில் இருந்த எண் பம்ப் முனகத் தொடங்கியதும் விழுந்தது. பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போனது. திரை அணைவதற்குள் மீட்டரில் ஒரு கணம் தெரிந்தது மைனஸ் 0.3. சிவப்பும் கறுப்பும் சரியாகத்தான் இருந்தன. கட்டைதான் தலைகீழாகிவிட்டது. வரிசையில் இருக்கும் மற்ற மூன்று கட்டைகளும் தங்கள் மின்சாரத்தை அதன் வழியாகத் தள்ளுகின்றன. அது பம்புக்கு எதையும் கொடுக்கவில்லை, மற்றவை கொடுப்பதையும் தான் தின்கிறது. 5.84 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மூன்றரை வோல்ட் அளவுக்குத்தான் கருவிக்கு மிஞ்சும். அந்த வோல்டேஜில் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லு வேலை செய்யாமல் அணைந்துகொள்கிறது. பம்ப் நின்றதும் ஓட்டம் நிற்கிறது, வோல்டேஜ் ஏறுகிறது, திரை மறுபடி எரிகிறது. காலையில் நான் பார்த்தது முழுக்க இதுதான்.

இப்படித் தலைகீழாகத் தள்ளப்படும் கட்டைக்குள் வாயு உண்டாகி அழுத்தம் ஏறும், திரவம் கசியும். ரிமோட்டைத் திறக்கும்போது ஸ்பிரிங்கில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதே, அதற்கு ஒரு காரணம் இது. புதுசும் பழசும் கலந்து போடாதீர்கள், இரண்டு ரகத்தைக் கலக்காதீர்கள் என்று உறையில் அச்சிட்டிருப்பதும் இதற்காகவே.

நான் செய்த பிழை அங்கேதான் இருந்தது. முன்பு ஒரு தடவை கட்டை மாற்றியபோது மூன்று ஆல்கலைன் கட்டைகள்தான் கைவசம் இருந்தன. நான்காவதாக அலமாரி இழுப்பறையில் கிடந்த சாதாரணக் கட்டை ஒன்றைப் போட்டிருந்தேன். எத்தனை வருடம் அங்கே கிடந்ததோ தெரியாது. சாதாரண ரகத்தில் எல்.ஆர்.6 என்று இருக்காது, வெறும் ஆர்.6 என்று அச்சிட்டிருக்கும். இதைத்தான் துத்தநாக கார்பன் கட்டை என்பார்கள். ‘ஹெவி டியூட்டி’ என்று உறையில் எழுதியிருப்பதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். அந்தப் பெயரை நம்பி மோட்டார் உள்ள கருவிகளுக்கு இதை வாங்குகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு.

இரண்டு ரகத்திலும் துத்தநாகமும் மாங்கனீசு டை ஆக்சைடும்தான் சரக்கு. வோல்டேஜைத் தீர்மானிப்பது எந்தப் பொருளும் எந்தப் பொருளும் வினைபுரிகின்றன என்பது. எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது அதில் மெதுவாகத்தான் தெரியவரும். சாதாரணக் கட்டையில் துத்தநாகம் வெளிக் குவளையாக இருக்கிறது, நடுவே கார்பன் தண்டு, அதைச் சுற்றிக் கறுப்புப் பொடி, இடையில் ஈரமான உப்புப் பசை. மின்சாரம் கட்டைக்குள் ஓட அந்த ஈரம் வேண்டும். வருடக்கணக்கில் இழுப்பறையில் கிடந்தால் ஈரம் மெல்ல வெளியேறிப் பசை காய்கிறது. உழைத்த கட்டையில் வினையின் கழிவுகள் படிகமாகி நுண்துளைகளை அடைக்கின்றன. துத்தநாகமும் மாங்கனீசும் நிறையவே மிச்சம் இருக்கும், அதனால் 1.49 வருகிறது. ஆனால் ஒன்றிடமிருந்து மற்றதற்குப் போகும் வழி காய்ந்துபோயிருக்கிறது. ஆல்கலைன் கட்டையில் துத்தநாகம் பொடியாக, களி போன்ற காரக் கரைசலில் நடுவில் இருக்கிறது. பொடி என்பதால் வினை நடக்கும் பரப்பு அதிகம், தடை குறைவு. அதுவும் உழைக்க உழைக்கத் துத்தநாகப் பொடியின் மேல் ஆக்சைடு படிந்து தடை ஏறத்தான் செய்கிறது.

அந்தப் பொடி ஆக்சைடாக இறுகுவதால்தான் பழைய ஆல்கலைன் கட்டையை மேசைமேல் செங்குத்தாகப் போட்டால் துள்ளுகிறது, புதியது தொப்பென்று நிற்கிறது. துள்ளினால் தீர்ந்துவிட்டது என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் இதை அளந்து பார்த்தார்கள். பாதி சரக்கு மிச்சமிருக்கும்போதே துள்ளல் உச்சத்துக்குப் போய்விடுகிறது என்று கண்டார்கள். துள்ளும் கட்டை புதிதல்ல என்று சொல்லலாம், தீர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொரு பழைய வழக்கம் இருக்கிறது. ரேடியோவில் சத்தம் கம்மினால் கட்டைகளைக் கழற்றி முற்றத்தில் வெயிலில் வைப்பார் தாத்தா. சாயங்காலம் போட்டால் செய்தி கேட்கும் அளவுக்குப் பாடும். வெயில் கட்டைக்குள் மின்சாரத்தை நிரப்புவதில்லை. இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. சூட்டில் பசைக்குள் அயனிகள் வேகமாக நகர்கின்றன, அகமின்தடை குறைகிறது. கூடவே கட்டைக்கு ஓய்வு கிடைக்கிறது. உழைக்கும்போது வினை நடக்கும் இடத்தைச் சுற்றிச் சரக்கு தீர்ந்து கழிவு சேர்ந்துவிடும். ஓய்வில் அது பரவிச் சமப்படும். மிச்சமிருப்பதைக் கொஞ்சம் வெளியே எடுக்க இது உதவியது. வெயில் ஆறியதும் பழைய நிலைதான். ஆல்கலைன் கட்டையில் இதைச் செய்ய வேண்டாம். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சூட்டில் கசிந்தால் கையையும் கண்ணையும் அரித்துவிடும்.

ஓய்வுக்குப் பின் வோல்டேஜ் ஏறும் இந்தக் குணம் மீட்டர் வைத்திருப்பவர்களையும் ஏமாற்றுகிறது. கருவி நின்றுபோய்க் கட்டையை எடுத்து மேசையில் வைத்து, காப்பி குடித்துவிட்டு வந்து அளந்தால் 1.4 காட்டும். கருவிக்குள் உழைத்துக்கொண்டிருந்தபோது அது 1 வோல்ட்டுக்குக் கீழே இருந்திருக்கலாம்.

அதற்காகச் சும்மா வைத்துப் பார்க்கும் அளவு வீண் என்று சொல்லமாட்டேன். அது ஒரு பக்கம் மட்டும் உண்மை சொல்லும். புது ஆல்கலைன் கட்டை 1.6 அளவில் காட்டும். ஓய்ந்த கட்டை சும்மா இருக்கும்போதே 1.3-க்குக் கீழே காட்டினால் அதன் கதை பெரும்பாலும் முடிந்தது, ரெசிஸ்டர் தேவையில்லை. குறைவாகக் காட்டினால் நம்பலாம். நன்றாகக் காட்டினால் லோடு கொடுக்காமல் நம்பக் கூடாது.

10 ஓம் வைத்துப் பத்து விநாடியில் 1.3-க்கு மேல் நின்றால் மோட்டார், பம்ப், பிரகாசமான டார்ச் எதற்கும் போடலாம். 1.1-க்கும் 1.3-க்கும் நடுவே நின்றால் ரிமோட், கடிகாரம் போன்றவற்றுக்கு ஒதுக்குங்கள். 1-க்குக் கீழே போனால் கனமான வேலைக்கு ஆகாது. இவை நானும் அந்த ரேடியோக்காரரும் கையாளும் எல்லைகள், ஒன்றிரண்டு புள்ளி முன்பின் இருந்தால் தவறில்லை. கருவி எவ்வளவு இழுக்கும் என்பதுதான் முக்கியம். அதே நான்காவது கட்டையில் 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துப் பார்த்தேன். ஓட்டம் 14 மில்லி ஆம்பியர்தான், மீட்டர் 1.38 காட்டியது. சிறிய வேலைக்கு அது நல்ல கட்டை. சுவர்க் கடிகாரம் விநாடிக்கு ஒரு சின்ன துடிப்பு மட்டும் இழுக்கும், சராசரி ஒரு மில்லி ஆம்பியரைக்கூடத் தொடாது. அடைபட்ட குழாயிலும் சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர் அதற்குப் போதும்.

இந்தச் சோதனையால் சொல்ல முடியாததையும் சொல்லிவிட வேண்டும். இப்போது கட்டைக்குத் தெம்பு இருக்கிறதா என்று தெரியும், இன்னும் எத்தனை மணி நேரம் வரும் என்று தெரியாது. சார்ஜ் செய்யும் ஏஏ கட்டைகளுக்கு மேலே சொன்ன எல்லைகள் பொருந்தவும் பொருந்தாது. அவற்றின் வோல்டேஜே 1.2 சொச்சம்தான், தீரும் தறுவாய் வரை அங்கேயே நிற்கும். அகமின்தடையும் மிகக் குறைவு என்பதால் 10 ஓம் அவற்றுக்கு ஒரு பாரமே இல்லை. அவை எவ்வளவு தாங்கும் என்று அறிய முழுக்கச் சார்ஜ் செய்து முழுக்க இறக்கிப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. சிலர் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்துக் கட்டையின் இரு முனைகளிலும் நேராகத் தொட்டு, எவ்வளவு ஆம்பியர் வருகிறது என்று பார்ப்பார்கள். ஆம்பியர் நிலையில் மீட்டருக்குள் தடையே இல்லாத மாதிரிதான், கட்டையைக் கம்பியால் குறுக்கே இணைத்தது போலாகும். நல்ல ஆல்கலைன் கட்டையிலிருந்து பல ஆம்பியர் பாயும், கட்டை சூடேறும். சிறிய ஆம்பியர் நிலையில் வைத்தால் மீட்டரின் ஃப்யூஸ் போகும். மலிவான மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்கு ஃப்யூஸ் இருப்பதே இல்லை. ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் லித்தியம் கட்டைகளும் கடையில் கிடைக்கின்றன, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதை இப்படிக் குறுக்கே இணைத்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆகவே திருகி வோல்ட்டில் இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சும்மா அளக்கும்போதே 1.8-க்கு மேல் காட்டினால் அது சாதாரண ஏஏ கட்டை அல்ல, ரெசிஸ்டரை வைக்க வேண்டாம்.

அம்மாவின் கருவியில் நான்கையும் எடுத்துவிட்டு ஒரே உறையிலிருந்து நான்கு ஆல்கலைன் கட்டைகளைப் போட்டேன். பம்ப் ஒரே மூச்சில் காற்றடித்து முடித்தது. பி.பி. 138-க்கு 84. பழைய மூன்றையும் ரிமோட்டுகளுக்குப் பிரித்துப் போட்டேன். 1.49 காட்டிய அந்த நான்காவது கட்டை கூடத்துக் கடிகாரத்தில் இருக்கிறது. மாதம் ஒருமுறை கசிந்திருக்கிறதா என்று மட்டும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஏழாவது மாதம் ஓடுகிறது, கடிகாரம் நேரம் தவறவில்லை.